கூட்டச் சுருக்கம்: ஒரே பத்தியா, வரிவரியா, குட்டிப் பத்தியா, நம்பர் போட்டா?

மடிப்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மெண்டில் 24 வீடு. இரண்டு வருஷமாகச் செயலாளர் வேலை என் தலையில். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடி ஷீட்டுக்கு அடியில் கூட்டம் நடக்கும், பதினைந்து பதினேழு வீட்டிலிருந்து வருவார்கள், வராதவர்களுக்காக மறுநாளே நான் லேப்டாப்பில் சுருக்கம் அடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவேன். வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு மூன்றாவது மாடி மாமி போன் செய்தார். "ஏம்ப்பா, பாத்திரம் பாதி தேய்ச்சுட்டு நிக்கறேன், குழாய்ல சொட்டுத் தண்ணி இல்லையே?" சம்ப் சுத்தம் செய்கிறார்கள் மாமி, குரூப்பில் போட்டிருந்தேனே என்றேன். "போட்டியா? எங்க போட்ட?" மேலே போய் அவர் போனை வாங்கிப் பார்த்தேன். நான் போட்ட மெசேஜ் இருந்தது. அதில் வரவு செலவு இருந்தது, லிஃப்ட் இருந்தது, அதற்குக் கீழே மூன்று புள்ளியும் Read more என்பதும் இருந்தது. தண்ணீர் வராது என்கிற ஒரே முக்கியமான விஷயம் அந்த Read more-க்கு அடியில் போய் ஒளிந்துகொண்டிருந்தது. மாமி அதைத் தொடவே இல்லை, நானாக இருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன்.

அன்றைக்கு அனுப்பியது இதுதான், ஒரு எழுத்துகூட மாற்றாமல்:

"நேற்று நடந்த மாதாந்திரக் கூட்டத்தில் 17 வீட்டினர் கலந்துகொண்டு சென்ற மாத வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு ஒப்புக்கொள்ளப்பட்டதையடுத்து லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிவதால் புதிதாக மூன்று இடங்களில் விலை கேட்பது என்றும் வெளியாட்கள் வண்டிகளை கேட்டுக்கு உள்ளே நிறுத்துவதைத் தவிர்க்க வாட்ச்மேனிடம் நோட்டு வைப்பது என்றும் சம்ப் மோட்டார் இரண்டாவது முறையாக எரிந்துவிட்டதால் புதிது வாங்குவது என்றும் அதற்கு வீட்டுக்கு ரூ. 600 வீதம் 15ஆம் தேதிக்குள் செலுத்துவது என்றும் முடிவெடுக்கப்பட்டதுடன் செவ்வாய்க்கிழமை காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிவரை சம்ப் சுத்தம் செய்யப்படுவதால் அந்த நேரத்தில் தண்ணீர் வராது என்றும் தெரிவிக்கப்பட்டது."

எண்ணிப் பார்த்தால் ஒரே வாக்கியம். லேப்டாப்பில் ஆறேழு வரிதான் வந்தது, பார்க்க அடக்கமாக அழகாகவே இருந்தது. மாமி போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறார், ஒரு வரிக்கு மூன்று வார்த்தைதான் பிடிக்கிறது, "செய்யப்படுவதால்" மாதிரி ஒன்று வந்தால் இரண்டோடு சரி. முழுதாகத் திறந்தால் திரை நிறைந்து அடுத்த திரைக்கும் வழிகிறது.

அதற்குப் பிறகு நாலைந்து மாதம் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு விதமாக அனுப்பிப் பார்த்தேன். எது எங்கே உதவியது, எது எங்கே கவிழ்த்தது என்று இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் பக்கத்துத் தெரு அசோசியேஷன் ஆள் ஒருவர் "நீங்க எப்படிப் போடறீங்க" என்று கேட்டபோது ஒரு வாயில் சொல்லி முடிக்க முடியவில்லை.

முதலில் ஒரே பத்தி. இதைத் திட்டுவது சுலபம், ஆனால் எதற்காகத் திட்டுகிறோம் என்பதில் ஒரு சின்னக் குழப்பம் இருக்கிறது. வரி நீளமாக இருப்பதால் படிக்க முடியவில்லை என்று பலர் சொல்வார்கள். போனில் வரி நீளமே கிடையாது, மூன்று நான்கு வார்த்தையில் திரும்பிவிடுகிறது, கண்ணுக்கு அது சுகம்தான். கஷ்டம் உயரத்தில் இருக்கிறது. லேப்டாப்பில் நாலு வரியாக இருக்கும் பத்தி போனில் பதினான்கு பதினைந்து வரியாகிவிடும், திரை முழுக்க ஒரே சுவர், அதில் எங்கேயும் ஒரு அடையாளம் இல்லை. படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கால் வருகிறது, குக்கர் விசில் அடிக்கிறது, திரும்பி வந்தால் எங்கே விட்டோம் என்று தெரியாது. மறுபடி மேலேயிருந்து ஆரம்பிக்க வேண்டும், யார் ஆரம்பிப்பார்கள்?

இதில் தமிழுக்கென்று ஒரு கூடுதல் தொல்லை. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். "செவ்வாய்க்கிழமை காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிவரை சம்ப் சுத்தம் செய்யப்படுவதால் அந்த நேரத்தில் தண்ணீர்" என்பது வரைக்கும் படித்தாலும் வருமா வராதா என்று தெரியாது. மாமி போனில் அது இப்படி இறங்கியது:

செவ்வாய்க்கிழமை
காலை 10
மணியிலிருந்து
மாலை 4 மணிவரை
சம்ப் சுத்தம்
செய்யப்படுவதால்
அந்த நேரத்தில்
தண்ணீர் வராது

எட்டாவது வரியில்தான் செய்தி. இதோடு நம்முடைய "கலந்துகொண்டு", "வாசிக்கப்பட்டு", "முடிவதால்", "எரிந்துவிட்டதால்" எல்லாம் சேர்ந்தால் ஒரு வாக்கியத்தை எத்தனை நாள் வேண்டுமானாலும் முடிக்காமல் ஓட்டலாம். ஆகவே பத்தியை வெட்டுகிறேன் என்று என்டர் தட்டுவதற்கு முன்னால் வாக்கியத்தை வெட்ட வேண்டும். எச்சத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் வாக்கியத்துக்கு நடுவில் இடம் விட்டால் அது பத்தி ஆகாது, விரிசல்தான். "செவ்வாய் காலை 10 முதல் மாலை 4 வரை தண்ணீர் வராது. சம்ப் சுத்தம் செய்கிறார்கள்." அவ்வளவுதான். காரணம் பின்னால் போனதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஒரே பத்திக்கு ஒரு நியாயமும் உண்டு, அது அசோசியேஷன் நோட்டுப் புத்தகத்தில். அங்கே கையெழுத்துக்கு மேலே காலி இடம் விடக்கூடாது, யாராவது பின்னால் செருகிவிடலாம் என்று பழைய செயலாளர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். சரியான பேச்சு. ஆனால் நோட்டுக்கு எழுதியதையே குரூப்பிலும் ஒட்டியதுதான் என் தப்பு.

இரண்டாவது, ஒவ்வொரு வாக்கியமும் ஒவ்வொரு வரி. மாமி விஷயத்துக்கு அடுத்த மாதம் இதைத்தான் செய்தேன். ஒரு வாக்கியம், ஒரு என்டர், அடுத்த வாக்கியம், ஒரு என்டர். லேப்டாப்பில் பட்டியல் மாதிரி பளிச்சென்று இருந்தது, ஒவ்வொரு வாக்கியமும் ஒரே வரியில் முடிந்து அடுத்தது புதுவரியில் தொடங்கியது.

போனில் போய்ப் பார்த்தால் பழைய சுவர்தான். ஏனென்று கொஞ்சம் யோசித்த பிறகுதான் புரிந்தது. போனில் ஒவ்வொரு வாக்கியமும் எப்படியும் மூன்று நாலு வரியாக மடங்குகிறது. இடம் போதாமல் தானாக மடங்கிய வரிக்கும், நான் என்டர் தட்டி முடித்த வரிக்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரிவதில்லை, இரண்டுமே வலது பக்கம் கொஞ்சம் முன்னே பின்னே நின்றுவிட்டு அடுத்த வரி இடது ஓரத்தில் தொடங்குகிறது. தமிழில் வார்த்தைகள் நீளம் என்பதால் தானாக மடங்கும் வரியிலேயே வலது பக்கம் பெரிய பெரிய பள்ளமாக இருக்கும், அந்தப் பள்ளங்களுக்கு நடுவில் நான் விட்ட பள்ளம் எது என்று யாருக்குத் தெரியும்? ஒற்றை என்டர் போனில் கிட்டத்தட்ட இல்லாததற்குச் சமம். இரண்டு என்டர், அதாவது நடுவில் ஒரு காலி வரி, அதுதான் கண்ணில் படுகிறது.

இன்னொரு குறையும் இதில் உண்டு. எல்லா வாக்கியமும் தனித்தனியாக நின்றால் எல்லாம் ஒரே எடை. "லிஃப்ட் ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது", "மூன்று இடத்தில் விலை கேட்கிறோம்" இந்த இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தவை, அடுத்து வரும் "வாட்ச்மேனிடம் நோட்டு இருக்கும்" சேராதது. எழுதிய எனக்குத் தெரியும், படிப்பவருக்கு? லிஃப்ட்டுக்கு எதற்கு நோட்டு என்று முதல் மாடியிலிருந்து கேள்வி வந்தது, கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

இதிலேயே ஒரு கொடுமையான வகை இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் பொருளாளர் சார் ரிட்டயர்டு, டைப் அடிப்பதில் கெட்டிக்காரர். மோட்டாருக்கு வந்த விலைப்பட்டியல் பிடிஎஃப்பிலிருந்து நாலு வரியை அப்படியே காப்பி செய்து குரூப்பில் ஒட்டினார். பிடிஎஃப்பிலிருந்து எடுக்கும்போது பெரும்பாலும் அங்கே வரி எங்கெங்கே முடிந்ததோ அங்கெல்லாம் ஒரு என்டரும் சேர்ந்து வந்துவிடும். ஏ4 தாளின் அகலத்துக்கு முடிந்த வரிகள் அவை, போனின் அகலம் வேறு. என்ன ஆனது பாருங்கள்:

புதிய மோட்டார், பொருத்துக்கூலி,
பழைய பைப் மாற்றுவது
உட்பட
மொத்தம் 14,400. மெக்கானிக்
இரண்டு நாளில் வந்து
பொருத்துவதாகச்
சொல்லியிருக்கிறார்

நீள வரி, குட்டை வரி, மறுபடி நீள வரி என்று படிக்கட்டு மாதிரி. இப்படி ஒரு மெசேஜைப் பார்த்தால் அனுப்பியவர் வேறு எங்கிருந்தோ ஒட்டியிருக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இதற்கு மருந்து, ஒட்டியபின் அந்த நடுவரி என்டர்களை ஒவ்வொன்றாக அழிப்பதுதான். நாலு வரி என்றால் அழிக்கலாம், நாற்பது என்றால் திரும்ப அடிப்பதே சீக்கிரம் முடியும்.

மூன்றாவது, குட்டிப் பத்தி. ஒரு விஷயத்துக்கு ஒரு பத்தி, இரண்டு மூன்று வாக்கியம், பத்திக்கும் பத்திக்கும் நடுவில் ஒரு காலி வரி. அதே கூட்டத்தை இப்படி மாற்றி எழுதினேன்:

செவ்வாய் காலை 10 முதல் மாலை 4 வரை தண்ணீர் வராது. சம்ப் சுத்தம் செய்கிறார்கள். முந்தின ராத்திரியே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டாருக்கு வீட்டுக்கு ரூ.600. 15ஆம் தேதிக்குள் பொருளாளரிடம் கொடுங்கள். காரணம் கீழே இருக்கிறது.

லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. மூன்று இடத்தில் விலை கேட்டிருக்கிறோம், அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம்.

வெளியாட்கள் வண்டி இனி கேட்டுக்கு வெளியே. உள்ளே விட வேண்டியிருந்தால் வாட்ச்மேன் நோட்டில் வீட்டு எண் எழுத வேண்டும்.

கூட்டத்துக்கு 17 வீட்டிலிருந்து வந்தார்கள். போன மாதக் கணக்கு வாசித்து ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஒவ்வொரு பத்தியும் என் போனில் மூன்று நாலு வரி, மாமி போனில் ஆறேழு. ஒரு திரையில் மூன்று பத்தியாவது முழுதாகத் தெரிகிறது, நடுவில் எழுந்து போய்விட்டு வந்தாலும் "லிஃப்ட் வரைக்கும் படித்தேன்" என்று கண் தானாகப் போய் உட்காருகிறது. ஒவ்வொரு பத்தியின் முதல் வார்த்தையும் இடது ஓரத்தில் தலை நீட்டிக்கொண்டு நிற்பதால் செவ்வாய், மோட்டாருக்கு, லிஃப்ட் என்று மேலோட்டமாகப் பார்த்தாலே எது தனக்கு வேண்டியது என்று தெரிந்துவிடும். அதனால் முதல் வார்த்தையைத் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். "மேலும்", "அதேபோல்", "இதனிடையே" என்று தொடங்கினால் அந்த இடம் வீண்.

வரிசையையும் தலைகீழாக்கியிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். கூட்டம் நடந்த வரிசையில் வருகைப்பதிவும் கணக்கும்தான் முதலில், அது நோட்டுக்குச் சரி. போனில் முதல் பத்திதான் Read more-க்கு மேலே நிச்சயமாக நிற்கும், நோட்டிஃபிகேஷனில் தெரிவதும் அதன் முதல் ஓரிரு வரிதான், பாதிப்பேர் அதோடு நிறுத்திவிடுவார்கள். ஆகவே நாளைக்கு யாராவது எதையாவது செய்ய வேண்டியிருந்தால் அது முதலில். "அனைவருக்கும் வணக்கம், நேற்றைய கூட்டத்தின் சுருக்கம் பின்வருமாறு" என்ற வரியை நான் தூக்கிவிட்டேன், அதற்கு ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார், "வணக்கம்கூடச் சொல்ல மாட்டியா" என்று. சரி, வணக்கத்தைக் கடைசியில் நன்றியோடு சேர்த்துவிட்டேன்.

குட்டிப் பத்தியின் நஷ்டம், மெசேஜ் நீளமாகிவிடும். வார்த்தை குறைந்தாலும் காலி வரிகள் சேர்ந்து திரையில் அதிக இடம் எடுக்கும். ஐந்தாறு பத்திவரை பரவாயில்லை. எட்டு ஒன்பது ஆனால் சுருக்கம் என்ற பேரே பொருந்தாது, அப்போது ஏதோ இரண்டு விஷயம் சுருக்கத்துக்கே தேவையில்லாதது என்று அர்த்தம்.

அப்புறம் இந்தக் காலி வரி இருக்கிறதே, அது அனுப்பும் வழியில் தொலைந்துபோகும் குணம் உள்ளது. பொருளாளர் சார் வேர்டில் அழகாக அடித்து ஒட்டுவார், குரூப்பில் வந்தால் எல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கும். "நான் இடம் விட்டுத்தான் அடிச்சேன், போன்தான் தின்னுடுச்சு" என்பார். போன் தின்னவில்லை. வேர்டில் ஒரு என்டர் தட்டினாலே பத்திக்குக் கீழே கொஞ்சம் இடம் தெரியும்படி அமைப்பு இருக்கும். அது வெறும் தோற்றம், காலி வரி கிடையாது. வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது எழுத்து மட்டும்தான் போகிறது, அந்த ஒரு என்டர் ஒரு என்டராகவே போகிறது, தோற்றம் வேர்டிலேயே தங்கிவிடுகிறது. வேர்டிலிருந்து ஒட்டுபவர்கள் ஒட்டியபின் ஒவ்வொரு பத்திக்கும் இன்னொரு என்டர் சேர்க்க வேண்டும், அல்லது நேராக வாட்ஸ்அப்பிலேயே அடிக்க வேண்டும்.

நேராக அடிப்பதிலும் ஒரு பள்ளம், நான் விழுந்தது. கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பில் என்டர் தட்டினால் மெசேஜ் போய்விடும், புது வரி வேண்டுமென்றால் Shift + Enter. ஒருமுறை ராத்திரி பதினொன்றரை மணிக்கு "செவ்வாய் காலை 10 முதல்" என்பதோடு மெசேஜ் கிளம்பிப் போய்விட்டது, பதில் சொல்வதற்குள் "என்ன ஆச்சு" என்று மூன்று பேர். ஆண்ட்ராய்டு போனிலும் அமைப்புகளில் Enter is send என்று ஒன்று உண்டு, அது ஆன் ஆகியிருந்தால் இதே கதைதான். இப்போதெல்லாம் நோட்ஸில் அடித்து முடித்துவிட்டுத்தான் குரூப்புக்குக் கொண்டுவருகிறேன்.

நான்காவது, நம்பர் போட்ட பட்டியல். இதற்கு ஒரு கூட்டம் ரசிகர்கள் எங்கள் குரூப்பில் உண்டு, காரணமும் உண்டு. "3-க்கு ஓகே, 4 வேண்டாம்" என்று பதில் போடலாம். எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற சண்டையே இல்லை. ஓட்டுக் கேட்கிற மாதிரி விஷயங்களுக்கு, யார் எதைச் செய்ய வேண்டும் என்பதற்கு, இதைவிட நல்லது கிடையாது.

ஆனால் நம்பர் போட்டவுடன் எழுதுகிறவனுக்கு ஒரு சோம்பேறித்தனம் வந்துவிடுகிறது. "1. சம்ப் சுத்தம். 2. மோட்டார். 3. லிஃப்ட்." கூட்டத்துக்கு வந்தவருக்கு இது ஞாபகக் குறிப்பு, வராதவருக்கு இதில் ஒன்றுமே இல்லை. சுருக்கம் எழுதுவதே வராதவருக்காக. சரி, விவரம் சேர்க்கலாம் என்றால் ஒவ்வொரு நம்பரும் நாலு வாக்கியமாக வீங்கும், நடுவில் காலி வரி இல்லாவிட்டால் மறுபடி சுவர், நம்பர் மட்டும் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். இன்னொரு சில்லறைத் தொல்லை, "2. 600 ரூபாய் கொடுக்க வேண்டும்" என்று எழுதினேன், இரண்டாயிரத்து அறுநூறா என்று ஒருவர் பதறிவிட்டார். நம்பருக்குப் பக்கத்தில் நேராக எண்ணில் தொடங்கக்கூடாது.

பிடிஎஃப், லெட்டர்பேடில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புவது, இவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏ4 தாள் போனில் எறும்பு ஊர்கிற மாதிரி தெரியும், இரண்டு விரலால் விரித்து இடமும் வலமும் இழுத்துப் படிக்க வேண்டும், போட்டோ என்றால் மெக்கானிக் நம்பரைக்கூடத் தொட்டு டயல் செய்ய முடியாது. லிஃப்ட் பக்கத்து போர்டில் ஒட்ட மட்டும் பிரிண்ட் எடுக்கிறேன்.

ஆக என் தேர்வு குட்டிப் பத்தி, ஓட்டெடுப்பு இருந்தால் அதற்கு மட்டும் கடைசியில் நம்பர். ஆனால் இதையே எல்லாவற்றுக்கும் போட்டு நறுக்கித்தள்ளியபோது ஒரு அடி வாங்கினேன், அதுதான் மோட்டார் விவகாரம்.

அறுநூறு ரூபாய் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள், அதற்காகத்தான் "காரணம் கீழே" என்று போட்டேன். கீழே காரணத்தையும் குட்டிக்குட்டியாக வெட்டியிருந்தேன்:

பழைய மோட்டார் இரண்டாவது முறை எரிந்துவிட்டது.

காயில் கட்ட 4,800 ஆகும்.

புதிது 14,400.

புதிது வாங்குவதாக முடிவு.

பத்து நிமிஷத்தில் ஆரம்பித்தது. "4,800-ல முடியற வேலைக்கு எதுக்கு 14,400?" நியாயமான கேள்வி. நாலு வரியும் நாலு தீவாக நிற்கிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாலத்தை நான்தான் இடித்திருக்கிறேன். கூட்டத்தில் அரைமணி நேரம் பேசியது இந்தப் பாலத்தைப் பற்றித்தான். "அதனால்", "ஆனால்", "அப்படியிருந்தும்" இந்த மாதிரி வார்த்தைகள் எல்லாம் இரண்டு வாக்கியத்துக்கு நடுவில்தான் உயிரோடு இருக்கும், நடுவில் காலி வரி விழுந்தால் முதலில் சாவது அவைதான். அன்றைக்கு ராத்திரியே திருத்திப் போட்டது:

பழைய மோட்டார் மார்ச்சில் ஒருமுறை எரிந்து காயில் கட்ட 4,800 ஆனது. எட்டு மாதம்கூட ஓடவில்லை, மறுபடி எரிந்துவிட்டது. மறுபடி கட்டினால் மறுபடி 4,800, ஆனால் எத்தனை நாள் தாங்கும் என்று மெக்கானிக்கே உறுதி சொல்லவில்லை. எரியும் ஒவ்வொரு முறையும் இரவல் மோட்டார் வரும்வரை பக்கெட்டில் சுமக்கிறோம். புதிது பொருத்துக்கூலியோடு 14,400, அதை 24 வீட்டுக்குப் பிரித்தால் ரூ.600. அதனால் புதிதே வாங்குகிறோம்.

ஆறு வாக்கியம், மாமி போனில் கிட்டத்தட்ட ஒரு திரை. குட்டிப் பத்தி இல்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். காசும் காரணமும் ஒரே பத்தியில் இருந்ததால் கேள்வி நின்றுவிட்டது, ஒருவர் மட்டும் எந்த கம்பெனி மோட்டார் என்று கேட்டார். ஆகவே அளவுகோல் வரி எண்ணிக்கை இல்லை. எந்த வாக்கியத்தைத் தனியாகப் பிடுங்கி ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருவருக்கு அனுப்பினால் அர்த்தம் மாறிவிடுமோ, அதை அதன் காரணத்தோடு ஒரே பத்தியில் கட்டிவைக்க வேண்டும். மற்றதை வெட்டிக்கொள்ளலாம்.

அனுப்புவதற்கு முன்னால் நான் செய்வது ஒன்றே ஒன்று. வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொள்ளும் வசதி இருக்கிறது, அதில் போட்டுவிட்டு Settings, Chats, Font size போய் Large வைத்து என் போனிலேயே பார்ப்பேன். மூன்று விஷயம் பார்த்தால் போதும். Read more-க்கு மேலே தண்ணீரும் காசும் நிற்கிறதா? எந்தப் பத்தியாவது பாதித் திரைக்கு மேல் போகிறதா, போனால் அது மோட்டார் மாதிரி காரணப் பத்திதானா, இல்லை என் சோம்பேறித்தனமா? கடைசியாக, எண்கள் உடைகிறதா? "ரூ. 600" என்று இடம் விட்டு அடித்தால் "ரூ." ஒரு வரியின் கடைசியிலும் "600" அடுத்த வரியின் தொடக்கத்திலும் போய் நிற்கும், அடுத்த வரி "600 வீதம் 15ஆம்" என்று படிக்கும்படி ஆகும். இடம் விடாமல் "ரூ.600" என்று ஒட்டி அடித்தால் உடையாது. மாமிக்கு அனுப்பிய அந்த முதல் மெசேஜில் இதுவும் உடைந்துதான் இருந்தது, பிறகுதான் கவனித்தேன்.

முக்கியமானதை எல்லாம் ஸ்டார் போட்டுத் தடித்த எழுத்தாக்குகிற பழக்கம் பொருளாளருக்கு உண்டு. பத்திக்கு ஒன்று என்றால் சரி. அவர் போடுவதில் தடிக்காத வார்த்தையைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

எல்லாம் சரி, தரைத்தளத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், பட்டன் போன், வாட்ஸ்அப்பே கிடையாது. அவருக்கு எஸ்எம்எஸ்தான். தமிழில் அடித்தால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்து, அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும், "செவ்வாய்" என்பது நமக்கு நாலு எழுத்து, போனுக்கு எட்டு. காலி வரிக்கெல்லாம் இங்கே இடமில்லை. அவருக்கு அனுப்பியது:

செவ்வாய் 10-4 தண்ணீர் வராது. சம்ப் சுத்தம். மோட்டார் பணம் ரூ.600.

எண்ணிப் பார்த்தேன், 65. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் தண்ணீர் பிடித்துவைத்திருந்த ஆள் அநேகமாக அவர் ஒருத்தர்தான்.